மூன்றால் மீதியின்றி வகுபட்டும் தவறிப்போன பட்டியல்

ஒரு பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்தவர்களின் பட்டியல், எளிய உரைக்கோப்பு ஒன்றாக என்னிடம் வந்து சேர்ந்தது. முதல் வரியில் பெயர், அடுத்த வரியில் தொலைபேசி எண், அதற்கடுத்த வரியில் நகரம், பிறகு ஒரு வெற்று வரி, மீண்டும் அடுத்தவரின் பெயர் என்று அது நீண்டுகொண்டே போனது. எக்செலில் ஒட்டியபோது A என்ற ஒரே நெடுவரிசையில் 1647 வரிகள் நின்றன. ஒருவருக்கு ஒரு வரி என்றும், பெயர், எண், நகரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை என்றும் மாற்றிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. அந்த வேலையை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தபோது அந்தப் பட்டியலில் பாதிப்பேருடைய விவரங்கள் இடம் மாறிக் கிடந்தன. அது எப்படி நேர்ந்தது, நான் செய்த சோதனைகளில் ஒன்றுகூட அதை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை, பிறகு எப்படிச் சரிசெய்தேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

இவ்வகைப் பட்டியலில் ஒருவருடைய பெயரையும் எண்ணையும் நகரத்தையும் சேர்த்துக் கட்டியிருப்பது அவை நிற்கும் வரிசை ஒன்றுதான். இந்த எண் இன்னாருடையது என்று சொல்வதற்கு அந்தக் கட்டத்துக்குள் எந்தக் குறிப்பும் கிடையாது. மேலே நிற்கும் பெயர்தான் அதற்கு உரியவரைக் காட்டுகிறது. ஆகவே பிரித்து முடிக்கும் வரை அந்த நெடுவரிசையை அகர வரிசைப்படுத்தவோ, அதிலிருந்து ஒரு கட்டத்தை நீக்கவோ கூடாது. இதில் முதல் பாதி எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது பாதியின் பொருளை நான் முழுமையாக உணர்ந்திருக்கவில்லை.

வெற்று வரிகள் இடையூறாகத் தெரிந்ததால் அவற்றை முதலில் நீக்கினேன். நெடுவரிசையைத் தேர்ந்து, `Go To Special` பெட்டியில் `Blanks` என்பதைக் குறித்து, தேர்வான கட்டங்கள் அனைத்தையும் `Shift cells up` முறையில் அழித்தேன். பலரும் கையாளும் வழி இது, வேகமாகவும் முடிந்துவிடும். மீதமிருந்த கட்டங்களை எண்ணினேன், 1230 இருந்தன. 1230ஐ மூன்றால் வகுத்தால் மீதியின்றி 410 வருகிறது. எந்தத் தொகுப்பிலும் குறை இல்லை என்பதற்கு அதுவே சான்று என்று நம்பி, பிரிக்கும் சூத்திரத்தை எழுதினேன்.

பிரித்த பிறகு மேலிருந்து இருபது வரிகளைப் பார்த்தேன். பெயர் பெயராகவும் எண் எண்ணாகவும் நகரம் நகரமாகவும் இருந்தன. கடைசி இருபது வரிகளும் அப்படியே இருந்தன. நடுவில் 200ஆம் வரியை ஒட்டியும் பார்த்தேன். அங்கும் எல்லாம் சரியாகவே தெரிந்தது. சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றி, கோப்பைச் சேமித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில், நகரவாரியாகக் குழுக்களைப் பிரிக்கும் பொறுப்பில் இருந்த சக பணியாளர் வந்து, "நகரத்துக்கான வடிகட்டியைத் திறந்தால் தொலைபேசி எண்களும் ஆட்களின் பெயர்களும் வருகின்றனவே, நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அவருடைய திரையைப் பார்த்ததும் தவறு எங்கே நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அதைக் கண்டு திருத்துவதற்குத்தான் அந்த முற்பகல் முழுவதும் பிடித்தது.

வகுப்புக்குப் பதிவு செய்தவர்கள் 412 பேர். அந்த எண்ணிக்கை என்னிடமே இருந்தும், பிரித்த பட்டியலில் 410 வரிகள்தான் உள்ளன என்பதை அதனோடு நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆறு பேர் தொலைபேசி எண் தராமல் பதிவு செய்திருந்தார்கள். உரைக்கோப்பில் அவர்களுடைய எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதாவது அந்த நெடுவரிசையில் இரண்டு வகை வெறுமை இருந்தது. ஒன்று, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளியாக விட்ட வரி. மற்றொன்று, எண் இல்லை என்பதையே சொல்லும் வரி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நான் இரண்டையும் ஒருசேர அழித்துவிட்டேன். 412 பேருக்கு இடையே இருக்கக்கூடிய இடைவெளிகள் 411 மட்டுமே. அழிக்கும் முன் கீழ்க்கண்ட சூத்திரத்தை ஒரு கட்டத்தில் இட்டிருந்தால் அது 417 என்று காட்டியிருக்கும். கூடுதலாக நிற்கும் ஆறு எங்கிருந்து வந்தன என்று அப்போதே தேடத் தொடங்கியிருப்பேன்.

```
=COUNTBLANK(A1:A1647)
```

ஆறு கட்டங்கள் குறைந்தது மூன்றின் மடங்கு என்பதால்தான் வகுத்தல் சோதனை பொய்த்துப்போனது. ஐந்து பேரோ ஏழு பேரோ எண் தராமல் விட்டிருந்தால் மீதி வந்து என்னை நிறுத்தியிருக்கும். மீதி வந்தால் பட்டியலில் குறையோ மிகையோ உண்டு என்பது உறுதி. மீதி வராவிட்டால் குறை இல்லை என்று பொருளாகாது. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதுதான் என் முதல் தவறு.

மேலும் கீழும் நடுவும் சரியாக இருந்ததற்கும் இதே காரணம்தான். முதல் குறை 37ஆம் நபரிடம் இருந்தது. பெயர்களையும் எண்களையும் மாற்றி அந்த இடத்தைக் கீழே தருகிறேன். இடப்பக்கம் இருப்பது A நெடுவரிசையின் வரி எண்.

```
106  கயல்
107  05550136
108  ஓஸ்லோ
109  மாறன்
110  லிமா
111  தேன்மொழி
112  05550138
113  கெய்ரோ
```

மாறனுக்கு எண் இல்லை. மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு வரும் சூத்திரத்துக்கு அது தெரியாது. கயலின் வரியைச் சரியாக அமைத்துவிட்டு, அடுத்த மூன்று கட்டங்களான மாறன், லிமா, தேன்மொழி ஆகியவற்றை ஒரே ஆளின் பெயராகவும் எண்ணாகவும் நகரமாகவும் எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து பெயர் நெடுவரிசையில் தொலைபேசி எண்களும், எண் நெடுவரிசையில் நகரங்களும், நகர நெடுவரிசையில் அடுத்தவருடைய பெயர்களும் வந்து விழுகின்றன. இரண்டாவது குறை 112ஆம் நபரிடம். அதன் பிறகு இடமாற்றம் இன்னொரு கட்டம் கூடி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நகரம் வருகிறது. மூன்றாவது குறை 158ஆம் நபரிடம். அந்த இடத்தோடு நழுவல் மொத்தம் மூன்று கட்டம் ஆகிவிடுகிறது. மூன்று கட்டம் நழுவினால் ஒரு முழு வரி நழுவியது என்றுதான் பொருள். எனவே 159ஆம் நபரிலிருந்து எல்லாம் தாமாகவே நேராகிவிடுகின்றன. 260ஆம் நபரிடம் மறுபடி கோணல் தொடங்கி, 301ஆம் நபரிடம் கூடி, 344ஆம் நபரோடு மீண்டும் நேராகிறது.

ஆக, முதல் 36 பேரும், நடுவில் 159 முதல் 259 வரையிலான 101 பேரும், கடைசி 68 பேரும் எவ்விதக் குறையும் இன்றி இருந்தார்கள். நான் மாதிரி பார்த்த மூன்று இடங்களும் இந்த மூன்று பகுதிகளுக்குள் அமைந்துவிட்டன. இடையில் இருந்த 207 பேரின் வரிகள் குலைந்திருந்தன. கண்ணால் சில இடங்களைப் பார்த்துத் திருப்திப்படும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். ஓரிடம் நேராக இருப்பது, அதற்கு முன் நழுவல் எதுவும் நிகழவில்லை என்பதற்கோ, நிகழ்ந்தவற்றின் கூட்டுத்தொகை மூன்றின் மடங்காகிவிட்டது என்பதற்கோ, இரண்டில் எதற்கும் அடையாளமாக இருக்கலாம்.

மூல உரைக்கோப்பை அனுப்பியவர் அன்று மாலைதான் கிடைப்பார் என்று தெரிந்தது. என் கையில் இருந்தது வெற்று வரிகள் நீங்கிய 1230 கட்டங்கள் மட்டுமே. நல்லவேளையாக, பிரிப்பதற்கு முந்தைய அந்த நெடுவரிசையை வேறொரு தாளில் நகலாக வைத்திருந்தேன். அதை வைத்தே சரிசெய்ய முயன்றேன்.

மூன்று விவரங்களில் இயந்திரத்தால் அடையாளம் காண முடிந்தது தொலைபேசி எண் ஒன்றுதான். பெயரும் நகரமும் அதற்கு வெறும் சொற்களே. எனவே எண்ணை நங்கூரமாக வைத்துக்கொண்டேன். குறையற்ற பட்டியலில் எண்கள் 2, 5, 8 என்று, அதாவது வரி எண்ணை மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு வரும் இடங்களில் மட்டுமே நிற்க வேண்டும். வேறு இடத்தில் எண் வந்தாலும், அந்த இடத்தில் எண் வராவிட்டாலும் அதற்குச் சற்று முன்னாலோ அங்கேயோ நழுவல் நடந்திருக்கிறது. இதைக் கண்டறிய இரண்டு துணை நெடுவரிசைகளை அமைத்தேன். B நெடுவரிசை, பக்கத்துக் கட்டத்தில் இருப்பது எண்தானா என்று பார்க்கிறது. C நெடுவரிசை, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. D1 கட்டம் முதல் பிசகு எந்த வரியில் என்று சொல்கிறது.

```
B1: =ISNUMBER(--SUBSTITUTE(SUBSTITUTE(INDEX(A:A,ROW()),"-","")," ",""))
C1: =OR(INDEX(A:A,ROW())="இல்லை",B1=(MOD(ROW(),3)=2))
D1: =MATCH(FALSE,C1:C1240,0)
```

B1ஐயும் C1ஐயும் 1240ஆம் வரி வரை இழுத்து நிரப்பினேன். தரவு 1230 வரிகள்தான் என்றாலும், இனி நுழைக்கப்போகும் கட்டங்களுக்காக அந்தக் கூடுதல் இடம் தேவைப்பட்டது.

`A1` என்று நேரடியாக எழுதாமல் `INDEX(A:A,ROW())` என்று சுற்றி எழுதியிருப்பதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் நான் நேரடியாகத்தான் எழுதினேன். A நெடுவரிசையில் ஒரு கட்டத்தை நுழைத்ததும், அதற்குக் கீழிருந்த கட்டங்களைச் சுட்டிய சூத்திரங்கள் எல்லாம் அந்தக் கட்டங்களைப் பின்தொடர்ந்து தாங்களும் ஒரு வரி நகர்ந்துவிட்டன. 110ஆம் வரியில் இருந்த சூத்திரம் 111ஆம் வரியைப் பார்த்தது. புதிதாக நுழைந்த கட்டத்தைப் பார்ப்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லாமல் போயிற்று. எத்தனை கட்டங்களை நுழைத்தாலும் முடிவு மாறாததைக் கண்டு சிறிது நேரம் குழம்பினேன். முழு நெடுவரிசையையும் சுட்டி, அதில் என் வரி எண்ணுக்கு நேரே இருப்பதைக் கொடு என்று கேட்டால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

D1 முதலில் 110 என்று காட்டியது. அந்த வரியில் லிமா நின்றது. மேலே மாறன், கீழே தேன்மொழி. எண்ணின் இடத்தில் அதே ஆளுடைய நகரம் நிற்பதால் விடுபட்டது எண்தான் என்று தெளிவாகிறது. A110ஐத் தேர்ந்து, வலப்பொத்தானை அழுத்தி, `Insert` என்பதில் `Shift cells down` தேர்ந்து, கிடைத்த புதிய கட்டத்தில் "இல்லை" என்று தட்டச்சு செய்தேன். வெறுமையாக விடவில்லை. வெறுமைக்கு இரண்டு பொருள் இருந்ததுதானே இவ்வளவு தொல்லைக்கும் காரணம். ஒரு சொல்லை எழுதிவிட்டால் அதை இன்னொருவர் இடைவெளி என்று கருதி அழித்துவிட மாட்டார். C நெடுவரிசையின் சூத்திரத்தில் அந்தச் சொல்லுக்கு விலக்கு அளித்திருப்பதும் இதற்காகவே. அந்தச் சொல்லை இட்டதும் D1 தானாக 335 என்று மாறியது. 112ஆம் நபரின் எண் இருக்க வேண்டிய இடம் அது. அங்கும் அதையே செய்தேன். 473 என்று வந்தது.

அதற்கடுத்து வந்த 587 என்னைச் சிறிது நேரம் தாமதிக்க வைத்தது. அந்த வரியில் தொலைபேசி எண்தான் இருந்தது, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. ஆனால் B நெடுவரிசை அதை எண்ணாக ஏற்கவில்லை. `LEN` கொண்டு நீளத்தைப் பார்த்தால், மற்ற எண்களைவிட ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. எண்ணின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டியிருந்தது. விசைப்பலகையில் தட்டும் சாதாரண இடைவெளி அன்று. வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும், 160 என்ற குறியெண் கொண்ட உடையா இடைவெளி. `TRIM` அதைத் தொடாது. B நெடுவரிசையின் சூத்திரத்தில் அதற்காக இன்னொரு அடுக்கைச் சேர்த்தேன்.

```
=ISNUMBER(--SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(INDEX(A:A,ROW()),"-","")," ",""),UNICHAR(160),""))
```

D1 காட்டும் ஒவ்வோர் இடமும் நழுவலாகத்தான் இருக்கும் என்று எண்ணி, பார்க்காமலே கட்டத்தை நுழைத்துக்கொண்டு போயிருந்தால், சரியாக நின்ற ஒரு பகுதியை நானே நழுவச் செய்திருப்பேன். அதனால்தான் இந்தத் திருத்தத்தைத் தானியக்கமாக்க நான் விரும்பவில்லை. இடத்தை இயந்திரம் காட்டட்டும். அங்கே என்ன நடந்திருக்கிறது என்பதை மேலும் கீழும் இரண்டு வரிகளைப் படித்து மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீதமிருந்த மூன்றும் 779, 902, 1031 ஆகிய வரிகளில் வந்தன. மூன்றையும் திருத்தியதும் D1 1238 என்று காட்டியது. தரவின் கடைசி வரி 1236. அதற்குப் பின் வரும் வெற்றிடத்தில், எண் இருக்க வேண்டிய முதல் இடம் 1238. பிசகு பட்டியலுக்கு வெளியே போய்விட்டது என்றால் பட்டியலுக்குள் இனி ஒன்றும் இல்லை என்று கொள்ளலாம். 1236ஐ மூன்றால் வகுத்தால் 412. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையும் அதுவே. இம்முறை அந்த ஒப்பீட்டை மறக்கவில்லை.

என் பட்டியலில் விடுபட்டவை எல்லாம் எண்களாகவே இருந்ததால் வேலை எளிதாக முடிந்தது. வேறு விவரம் விடுபட்டிருந்தால் பிசகு தெரியும் இடமும் மாறும். ஒருவருடைய நகரம் விடுபட்டிருந்தால், அது இருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவருடைய பெயர் ஏறி நிற்கும். இயந்திரத்துக்கு இரண்டும் சொற்களே என்பதால் அங்கே எதையும் சொல்லாது. அதற்கு அடுத்த வரியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண் வந்து நிற்கும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். அடுத்தவருடைய பெயர் விடுபட்டிருந்தாலும் பிசகு அதே வரியில்தான் தெரியும். இரண்டில் எது என்பதை அறிய, பிசகு காட்டும் வரிக்கு மேலே உள்ள வரியைப் படிக்க வேண்டும்: அங்கே நகரம் இருந்தால் விடுபட்டது பெயர், அங்கே ஆளின் பெயர் இருந்தால் விடுபட்டது முந்தையவருடைய நகரம். ஒருவர் இரண்டு எண்களைத் தந்திருந்தால் நகரத்தின் இடத்தில் எண் நிற்கும். அப்போது கட்டத்தை நுழைக்கக் கூடாது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணோடு சேர்த்து எழுதிவிட்டு, அந்தக் கட்டத்தை நீக்க வேண்டும். ஆனால் சேர்த்து எழுதிய கட்டத்தை B நெடுவரிசை எண்ணாக ஏற்காமல் போகலாம் என்பதால், நான் அப்படிப்பட்ட இடங்களில் இரண்டாவது எண்ணைத் தனித் தாளில் குறித்து வைத்துவிட்டு, முதல் எண்ணை மட்டும் பட்டியலில் விடுவதையே விரும்புகிறேன்.

இந்த முறையால் காணவே முடியாத பிழையும் உண்டு. ஒருவருடைய பெயரும் நகரமும் தமக்குள் இடம் மாறி, எண் மட்டும் நடுவில் சரியாக நின்றால் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. பிரித்து முடித்த பிறகு நகர நெடுவரிசையில் வடிகட்டியைத் திறந்து, அது தரும் தனித்தனிச் சொற்களின் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படிப்பது ஒன்றே அதற்கு வழி. நகரங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஆட்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் அதைப் படிக்க நேரம் பிடிக்காது. என் தவறைச் சக பணியாளர் கண்டுபிடித்ததும் இந்த வடிகட்டியால்தான்.

திருத்திய நெடுவரிசையைப் பிரிக்க, F1 கட்டத்தில் கீழ்க்கண்ட சூத்திரத்தை எழுதி, வலப்புறம் H வரை இழுத்து, பிறகு கீழே 412ஆம் வரி வரை இழுத்தேன்.

```
=INDEX($A$1:$A$1236,(ROWS(F$1:F1)-1)*3+COLUMNS($F1:F1))&""
```

எத்தனையாவது ஆள் என்பதை `ROWS` எண்ணித் தருகிறது. அதிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்றால் பெருக்கினால், அவருக்கு முன் எத்தனை கட்டங்கள் கழிந்தன என்பது கிடைக்கும். பெயரா, எண்ணா, நகரமா என்பதை `COLUMNS` சொல்கிறது. `ROW()` என்று வெறுமனே எழுதினாலும் முதலில் வேலை செய்யும். ஆனால் பின்னர் யாராவது தலைப்புக்காக மேலே ஒரு வரியை நுழைத்தால் கணக்கு ஒன்று கூடிவிடும்; பட்டியல் முழுவதும் சத்தமில்லாமல் நழுவிவிடும். முடிவில் உள்ள `&""` மதிப்பை உரையாக வைத்திருக்கிறது. மூலத்தில் வெற்றுக் கட்டம் இருந்தால் அதற்குப் பதிலாக 0 வந்து நிற்பதையும் தடுக்கிறது.

தொலைபேசி எண்களின் முன்னால் நிற்கும் சுழியத்தை மட்டும் இந்தச் சூத்திரத்தால் காப்பாற்ற முடியாது. உரைக்கோப்பை ஒட்டும் முன்பே A நெடுவரிசையை `Text` வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் ஒட்டினால் 05550136 என்பது 5550136 ஆகிவிடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் போன சுழியம் திரும்பி வராது. இந்த ஒன்றை மட்டும் நான் முதல் நாளே சரியாகச் செய்திருந்தேன்.

எக்செலின் புதிய பதிப்புகளில் `=WRAPROWS(A1:A1236&"",3)` என்ற ஒரே சூத்திரம் முழுப் பட்டியலையும் பிரித்துவிடும். பவர் குவெரியிலும் வரிசை எண்ணைச் சேர்த்து, மூன்றால் வகுத்த ஈவையும் மீதியையும் கொண்டு பிரிக்கலாம். எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு மூன்று மூன்றாக எண்ணுபவைதான். கருவியை மாற்றியிருந்தாலும் என் 1230 கட்டங்கள் அதே இடங்களில்தான் குலைந்திருக்கும். `WRAPROWS` கடைசித் தொகுப்பு நிறையாவிட்டால் `#N/A` என்று காட்டும். அதைப் பார்க்க அழகில்லை என்று மூன்றாவது உள்ளீடாக வெற்றுச் சொல்லைக் கொடுத்து மறைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மீதி இருக்கிறது என்று சொல்லும் ஒரே அடையாளம் அது. மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிரித்த பட்டியலில் நான்காவதாக I நெடுவரிசையையும் சேர்த்தேன். ஒவ்வொருவருடைய பெயரும் மூல நெடுவரிசையில் எந்த வரியில் இருந்தது என்பதை அது காட்டும்.

```
=(ROWS(I$1:I1)-1)*3+1
```

சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றி, பட்டியலைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்திய பிறகும், ஐயம் எழும் ஒருவருடைய மூல வரிக்கு நேரே போய்ப் பார்க்க இந்த எண் உதவுகிறது. பட்டியலை மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்த நெடுவரிசையை மறைத்துவிடலாம், அழித்துவிடக் கூடாது.

மாலையில் மூல உரைக்கோப்பு மீண்டும் கைக்கு வந்தது. இம்முறை ஒரு வெற்று வரியைக்கூட நீக்காமல், புதிய தாளில் 1647 வரிகளையும் அப்படியே ஒட்டினேன். இடைவெளி வரியையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் நான்கு வரிகள்; எண் இல்லாதவருக்கும் நான்கு வரிகள்தான். எனவே மூன்றுக்குப் பதிலாக நான்கால் பெருக்கி, முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அதற்கு முன், நான்காவதாக வரும் ஒவ்வொரு வரியும் உண்மையிலேயே வெறுமையாக இருக்கிறதா என்று கீழ்க்கண்டவாறு பார்த்தேன்.

```
=SUMPRODUCT((MOD(ROW(A1:A1647),4)=0)*(A1:A1647<>""))
```

விடை 0 என்று வந்தது. எங்காவது ஒரு வரி கூடியோ குறைந்தோ இருந்தால், பெயரோ நகரமோ அந்த நான்காம் இடத்தில் வந்து விழுந்து விடையை உயர்த்தியிருக்கும். நான் இடையூறு என்று எண்ணி நீக்கிய வெற்று வரிகள், உண்மையில் ஒவ்வொரு தொகுப்பும் எங்கே முடிகிறது என்று காட்டும் எல்லைக்கற்களாக இருந்திருக்கின்றன. அவற்றை விட்டுவைத்திருந்தால் முற்பகல் வேலை முழுவதும் தேவைப்பட்டிராது.

நான்கால் பிரித்த பட்டியலை மதிப்புகளாக்கி, முற்பகலில் கையால் திருத்திய தாளில் K முதல் M வரையிலான நெடுவரிசைகளில் ஒட்டினேன். இரண்டிலும் வேறுபடும் கட்டங்கள் எத்தனை என்று எண்ணச் செய்தேன்.

```
=SUMPRODUCT(--(F1:H412<>K1:M412))
```

6 என்று வந்தது. ஆறும் எண் நெடுவரிசையில் இருந்தன. ஒரு பக்கம் "இல்லை", மறுபக்கம் வெறுமை. திருத்திய பட்டியலைச் சக பணியாளருக்கு அனுப்பி, பழைய கோப்பை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் எண் நெடுவரிசையில் "இல்லை" என்ற சொல்லை மட்டும் வடிகட்டி, எண் கேட்டு வாங்க வேண்டிய அந்த ஆறு பேரின் பெயர்களை அன்றே குறித்துக்கொண்டார்.